மோதிரத்தின் எழுத்தளவை மில்லிமீட்டராக மாற்றுதல்: டர்பனிலிருந்து சென்னைக் கடைக்கு ஆர்டர் செய்யும்போது

கேள்வி: என் மனைவிக்கு 22 காரட்டில் ஒரு மோதிரத்தைச் சென்னைக் கடையின் இணையதளத்தில் ஆர்டர் செய்யப் போகிறேன். இங்கே சாட்ஸ்வொர்த்தில் ஒரு நகைக்கடையில் அவருடைய அளவு N என்றார்கள். சென்னைக் கடை எண்ணில் கேட்கிறது. அதன் பட்டியலில் உள்விட்டம், சுற்றளவு என்று மில்லிமீட்டரில் இரண்டு கணக்கு இருக்கிறது. பூக்கட்டும் நூலால் விரலை அளந்தால் 56 வருகிறது, அவருடைய பழைய மோதிரத்தில் அளவுகோலை வைத்தால் 17 வருகிறது. எது சரி, எந்த எண்ணைக் கொடுப்பது?

பதில்:

உங்கள் கையில் இருக்கும் மூன்று அளவுகளும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது, அவ்வளவுதான். N என்பது 53.75 மி.மீ. உள்சுற்றளவு, அதாவது 17.1 மி.மீ. உள்விட்டம். அளவுகோல் காட்டிய 17 விட்டம். நூல் காட்டிய 56 சுற்றளவு, ஆனால் அதில் நூலின் தடிமனும் சேர்ந்திருக்கிறது. சென்னைக் கடையின் பட்டியலில் சுற்றளவு 54 மி.மீ. அல்லது அதற்கு மிக அருகில் உள்ள வரிசையைத் தேடுங்கள். பெரும்பாலும் அது 14ஆம் எண்ணாக இருக்கும். ஆனால் 14 என்பதை மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்க நகைக்கடைகள் பிரிட்டிஷ் எழுத்து முறையைப் பின்பற்றுகின்றன. பிஎஸ் 6820 என்ற பிரிட்டிஷ் தரநிலையில் இந்த முறையின் அடிப்படை மிக எளிமையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது: C என்ற அளவின் உள்சுற்றளவு 40 மி.மீ., அதற்குப் பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் 1.25 மி.மீ. கூடும், அரை எழுத்துக்கு அதில் பாதி. ஆகவே எந்த எழுத்தைக் கொடுத்தாலும் பட்டியல் எதையும் தேடாமல் விரலை மடக்கியே கணக்கிட்டுவிடலாம். A-யை 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு போனால் N 14ஆவது எழுத்து.

```
சுற்றளவு = 40 + 1.25 × (எழுத்தின் இடம் − 3)
உள்விட்டம் = சுற்றளவு ÷ 3.1416

N : 40 + 1.25 × 11 = 53.75 மி.மீ.
    53.75 ÷ 3.1416 = 17.11 மி.மீ.
```

பள்ளியில் படித்த 22/7 என்ற மதிப்பைப் பயன்படுத்தினாலும் 17.10 வரும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்தப் பொற்கொல்லரும் பொருட்படுத்த மாட்டார், விரலும் உணராது. N 14ஆவது எழுத்தாக இருப்பதும், இந்திய எண் 14 ஆக வருவதும் தற்செயல். H எட்டாவது எழுத்து. ஆனால் அதன் சுற்றளவான 46.25 மி.மீ. இந்திய முறையில் ஏறத்தாழ 6 ஆகும். ஆகவே எழுத்தின் இடத்தையே எண்ணாகக் கொடுத்துவிடலாம் என்று யாராவது உங்களுக்கு எளிய வழி சொன்னால் அது N-க்கு அக்கம்பக்கத்தில் மட்டுமே பலிக்கும்.

இந்தக் கணக்கில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்றுதான். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் சுற்றளவில் 1.25 மி.மீ. வேறுபாடு இருந்தாலும், விட்டத்தில் அது 0.4 மி.மீ. மட்டுமே. எழுத்து முறை முதலில் அங்குலத்தில் உருவானபோது ஒரு படிக்கு விட்டத்தில் 1/64 அங்குலம் என்று வைத்திருந்தார்கள். அதுவும் ஏறத்தாழ இதே 0.4 மி.மீ. தான். தலைமுடியின் தடிமன் ஐந்தாறு மடங்கு ஆனால் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியில் ஒரு மோதிரம் விரலில் நிற்பதும் கழன்று விழுவதும் தீர்மானமாகிவிடுகிறது. இதை ஏற்றுக்கொண்டால், எந்த அளவீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். சாதாரண பிளாஸ்டிக் அளவுகோலில் கோடுகள் 1 மி.மீ. இடைவெளியில் இருக்கும், கண்ணைக் கூர்மையாக வைத்துப் பார்த்தாலும் கால் மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் தவறும். நீங்கள் 17 என்று படித்தது 16.75 ஆகவும் இருக்கலாம், 17.25 ஆகவும் இருக்கலாம். சுற்றளவில் அதை மாற்றினால் 52.6 முதல் 54.2 வரை விரிகிறது, அதாவது M-இல் தொடங்கி கிட்டத்தட்ட N½ வரை. கடைக்காரர் சொன்ன N இந்த வீச்சுக்குள் விழுகிறது என்பதால் உங்கள் அளவுகோல் அவரை ஆமோதிக்கிறது; ஆனால் அளவுகோலை மட்டும் வைத்து N என்று முடிவு கட்டியிருக்க முடியாது. போதாக்குறைக்கு, வட்டத்தின் நடுவில் சரியாக வைக்காமல் சற்று ஒதுங்கி வைத்தால் விட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைவான ஒரு நாண் கிடைக்கும். விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்கும்போது ஒரு பக்கத்தில் தங்கத்தின் தடிமனையும் சேர்த்துவிடுவது இன்னொரு வழக்கமான பிழை. 1.5 மி.மீ. தடிமனுள்ள மோதிரத்தில் வெளிவிட்டத்தை அளந்தவர் 20 என்பார். அந்த அளவில் மோதிரம் செய்தால் கட்டைவிரலிலும் நிற்காது.

பழைய மோதிரம் அதே விரலில் இப்போதும் சரியாகப் பொருந்துகிறது என்றால் அதுதான் உங்களிடம் உள்ள சிறந்த சாட்சி. அதை அளக்க வெர்னியர் காலிப்பர் ஒன்று வேண்டும்; வன்பொருள் கடைகளில் கிடைக்கும் மலிவான டிஜிட்டல் காலிப்பரே இந்த வேலைக்குப் போதும். அதன் மேல்பக்கத்தில் உள்ள சிறிய தாடைகளை மோதிரத்தின் உள்ளே நுழைத்து, மெதுவாக விரித்து, கருவியைச் சற்று அசைத்துப் பார்த்துக் கிடைக்கும் மிகப் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோதிரத்தைக் கால் வட்டம் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். பல ஆண்டுகள் அணிந்த 22 காரட் மோதிரம் முழு வட்டமாக இருப்பதில்லை; தங்கம் மென்மையானது, பாத்திரம் தூக்கும்போதும் கதவுக் கைப்பிடியை இழுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகிவிடுகிறது. ஒரு திசையில் 16.9, மறு திசையில் 17.3 என்று வந்தால் இரண்டின் சராசரியான 17.1-ஐ எடுத்துக்கொள்ளலாம், இந்த அளவு நெளிவுக்கு அந்தச் சராசரியே சுற்றளவைச் சரியாகத் தரும். உள்புறம் வளைவாக மெருகேற்றப்பட்ட மோதிரங்களில் விளிம்பு அகன்றும் நடுப்பகுதி குறுகியும் இருக்கும். விரலைப் பிடிப்பது நடுப்பகுதிதான் என்பதால் அங்கே அளக்க வேண்டும்.

காலிப்பர் இல்லாவிட்டால் ஒரு காகிதத் துண்டே உதவும். அச்சு எடுக்கும் சாதாரண 80 கிராம் காகிதத்தில் 4 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டையை வெட்டி, மோதிரத்தின் உட்சுவரோடு ஒட்டி நிற்கும்படி சுருளாக உள்ளே வைத்து, முனை எங்கே மேலேறுகிறது என்று கூர்மையான பென்சிலால் குறித்து, வெளியே எடுத்து விரித்து அளக்கலாம். இங்கே நீங்கள் அளப்பது சுற்றளவு என்பதால், அளவுகோலில் கால் மில்லிமீட்டர் தவறினாலும் எழுத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தவறும்; விட்டத்தை நேராக அளந்தபோது அதே கால் மில்லிமீட்டர் அரை எழுத்தைத் தாண்டி விழுங்கிவிட்டது. சுற்றளவை அளந்து விட்டத்தைக் கணக்கிடுவது, விட்டத்தை அளந்து சுற்றளவைக் கணக்கிடுவதைவிட எப்போதும் பாதுகாப்பானது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி உங்கள் நூல். 56 மி.மீ. என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் அது P-க்கு (56.25) மிக அருகில் வருகிறது, N-ஐவிட ஏறத்தாழ இரண்டு எழுத்து பெரிது. அந்த அளவில் செய்த மோதிரம் கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பியபடியே சுற்றும், கைகழுவும்போது சோப்பு நுரையோடு வழுக்கும். ஆனால் நூல் சொல்வது விரலின் சுற்றளவு அல்ல. தடிமனுள்ள எதையும் ஒரு வட்டத்தைச் சுற்றிக் கட்டினால், அதன் உள்புறம் சுருங்கி வெளிப்புறம் நீண்டு, நடுக்கோடு மட்டுமே தன் நீளத்தில் மாறாமல் இருக்கும். விரித்து அளக்கும்போது கிடைப்பது அந்த நடுக்கோட்டின் நீளம். அந்த நடுக்கோட்டு வட்டத்தின் விட்டம் விரலின் விட்டத்தைவிட நூலின் முழுத் தடிமன் அளவுக்குப் பெரிது. ஆகவே நூலின் தடிமனை 3.14-ஆல் பெருக்கி, அளந்த நீளத்திலிருந்து கழிக்க வேண்டும்.

நூலின் தடிமனை எப்படி அறிவது? ஒரு பென்சிலில் அந்த நூலை இடைவெளியும் மேலேற்றமும் இல்லாமல் பக்கத்தில் பக்கமாக 20 சுற்றுகள் சுற்றி, சுற்றிய பகுதியின் நீளத்தை அளந்து 20-ஆல் வகுத்தால் போதும். பூக்கட்டும் நூல் பல தடிமனில் கிடைக்கிறது. உங்கள் நூல் 20 சுற்றுக்கு 14 மி.மீ. இடம் பிடித்தால் அதன் தடிமன் 0.7 மி.மீ.; 3.14-ஆல் பெருக்கினால் 2.2, 56-லிருந்து கழித்தால் 53.8. N-இன் 53.75 அப்படியே வந்து நிற்கிறது. உங்கள் நூலின் தடிமனை நான் பார்க்கவில்லை என்பதால் இதை நீங்களே சுற்றிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 20 சுற்று 8 மி.மீ. மட்டுமே பிடித்தால் கழிக்க வேண்டியது 1.25 மி.மீ., மீதி 54.75, அதாவது O-வுக்கு அருகில். அப்போது கடைக்காரரின் N-ஐ மறுபடி சோதிக்கச் சொல்வேன்.

நூலில் வேறு குறைகளும் உண்டு. முறுக்கிய பருத்தி இழுத்தால் நீளும், விரலில் அழுந்தினால் தட்டையாகும். ஒருவர் இறுக்கமாகவும் இன்னொருவர் தளர்வாகவும் கட்டுவார்கள். ஆகவே விரலை அளப்பதற்கும் நூலைவிட அதே காகிதப் பட்டையே மேல். 80 கிராம் காகிதத்தின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.; அதன் திருத்தம் 0.3 மி.மீ. தான். விரலைச் சுற்றும்போது பட்டை வெளியே இருப்பதால் 0.3-ஐக் கழிக்க வேண்டும். மோதிரத்துக்குள் வைத்து அளக்கும்போது பட்டை உள்ளே இருப்பதால் 0.3-ஐக் கூட்ட வேண்டும். இந்தத் திசை மாற்றத்தைக் கவனிக்காமல் இரண்டையும் ஒப்பிடுபவர்களுக்கு எப்போதும் அரை எழுத்து முரண்பாடு வந்துகொண்டே இருக்கும், எதனால் என்று புரியாது.

இப்போது சென்னைக் கடையின் பட்டியலுக்கு வருவோம். அதை நம்புவதற்கு முன் ஒரு சிறிய சோதனை செய்யுங்கள்: நீங்கள் தேர்ந்தெடுக்கப் போகும் வரிசையில் சுற்றளவை உள்விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 3.14 வர வேண்டும். 54.0-க்கு எதிரே 17.2 என்று இருந்தால் சரி. 54.0-க்கு எதிரே 17.6 என்று இருந்தால் வகுத்தல் 3.07 தரும், அந்த வரிசையில் ஏதோ ஓர் எண் தவறு, அல்லது ஒரு பத்தியை வேறு பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரே வரிசை தவறினால் தட்டச்சுப் பிழை என்று விட்டுவிடலாம். எல்லா வரிசையும் தவறினால் அந்தப் பட்டியலையே ஒதுக்கிவிட்டுக் கடையை நேரடியாகக் கேட்பதுதான் முறை.

இந்தியக் கடைகள் பலவற்றின் எண், சுற்றளவிலிருந்து 40-ஐக் கழித்தால் கிடைப்பதற்கு நெருக்கமாக இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 13 என்பது 53 மி.மீ., 14 என்பது 54 மி.மீ. உங்கள் 53.75, 14-ஐவிட கால் மில்லிமீட்டர் மட்டுமே குறைவு. விட்டத்தில் அது 0.08 மி.மீ., தயக்கமில்லாமல் 14-ஐ எடுக்கலாம். ஆனால் வேறு சில பட்டியல்களில் அதே 14-க்கு எதிரே 54.4 மி.மீ. என்றும் 17.3 மி.மீ. என்றும் இருப்பதைப் பார்க்கலாம். அது அமெரிக்க 7ஆம் அளவோடு ஒத்துப்போகும்படி அமைத்த பட்டியல். அமெரிக்க 7 நம் ஊர்க் கணக்கில் N½. இப்படிப்பட்ட பட்டியலில் 13-க்கு 53.1 என்று இருந்தால் உங்கள் 53.75 இரண்டுக்கும் நட்டநடுவில் விழுகிறது. எண்ணைவிட எண்ணுக்கு எதிரே எழுதிய மில்லிமீட்டரைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்: 14 என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் கடைக்குக் கடை மோதிரம் ஒன்றாக இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய விபத்து ஒன்று இருக்கிறது. அளவு கேட்கும் கட்டத்தில் உங்கள் அளவுகோல் காட்டிய 17-ஐ எழுதிவிடுவது. சில நாடுகளில், உதாரணமாக ரஷ்யாவில், மோதிர எண் என்பதே உள்விட்டத்தின் மில்லிமீட்டர்தான். அங்கே 17 என்றால் உங்கள் மனைவியின் மோதிரம் ஏறத்தாழச் சரியாகவே வரும். இந்தியக் கடையில் 17 என்று எழுதினால் 57 மி.மீ. சுற்றளவில், 18.1 மி.மீ. விட்டத்தில், நம் P½ அளவில் செய்து அனுப்புவார்கள். ரீயூனியனில் உறவினர்கள் இருந்தால் அவர்கள் பிரெஞ்சு முறையில் 54 என்பார்கள். அது சுற்றளவை அப்படியே சொல்வது, உலகத் தரநிலையான ஐஎஸ்ஓ 8653 பின்பற்றுவதும் அதே வழி. 7, 14, 17, 54, N½ ஆகியவற்றில் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரில் கிட்டத்தட்ட ஒரே விரலைக் குறிக்கிறது. ஊரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் எதையும் குறிக்காது.

சில கடைகள் வட்டங்கள் அச்சிட்ட ஒரு தாளைத் தரவிறக்கி, அதன்மேல் பழைய மோதிரத்தை வைத்துப் பார்க்கச் சொல்கின்றன. தாள் சரியான அளவில் அச்சாகியிருந்தால் இது நல்ல முறை. அச்சுப்பொறி தாளுக்குள் அடங்கும்படி படத்தைச் சற்றுச் சுருக்கிவிடுவது வழக்கம். 97 சதவீதமாகச் சுருங்கியிருந்தால், 17.6 என்று பெயரிட்ட வட்டம் உண்மையில் 17.1 ஆகியிருக்கும், உங்கள் மோதிரம் அதன்மேல் அழகாகப் பொருந்தும், நீங்களும் 17.6 என்று எழுதி, ஓர் எழுத்துக்கு மேல் பெரிய மோதிரத்தை வாங்கிவிடுவீர்கள். வங்கி அட்டையின் நீளம் உலகெங்கும் 85.6 மி.மீ. தான் என்பதால் அளவைச் சரிபார்க்க அது கைகொடுக்கும். தாளில் அளவு சரிபார்க்கும் கோடு இருந்தால் அதையும், இல்லாவிட்டால் 50 மி.மீ. என்று குறித்த ஏதாவது ஒன்றையும் அளந்து பார்த்த பிறகே வட்டங்களைத் தொடுங்கள். கைபேசித் திரையில் காட்டும் வட்டங்களுக்கும் இதுவே பொருந்தும். அட்டையைத் திரையில் வைத்து அளவைச் சரிசெய்யும் வசதி இல்லாத செயலியை நான் பயன்படுத்த மாட்டேன்.

இரண்டு எண்களுக்கு நடுவில் விழுந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்பதை மோதிரத்தின் அகலமும் விரலின் கணுவும் தீர்மானிக்கின்றன. 2 அல்லது 3 மி.மீ. அகலமுள்ள மெல்லிய மோதிரம் விரலின் அடிப்பகுதியில் ஒரு கோட்டில் மட்டும் உட்காரும். 6 மி.மீ. அகலத்தைத் தாண்டிய பட்டை மோதிரம் அதைவிட அதிகத் தசையை மூடுவதால், அதே சுற்றளவில் செய்தாலும் இறுக்கமாகத் தோன்றும். அதற்கு அரை எழுத்திலிருந்து ஓர் எழுத்து வரை கூட்டிக் கொடுப்பதே நகைத் தொழிலில் உள்ள வழக்கம். மில்லிமீட்டரில் சொன்னால் சுற்றளவில் 0.6 முதல் 1.25 வரை. சென்னைக் கடையில் நீங்கள் பார்த்திருப்பது அகன்ற கோயில் வேலைப்பாடு மோதிரமாக இருந்தால், பழைய மெல்லிய மோதிரத்தின் N-ஐ அப்படியே கொடுக்கக் கூடாது, 55 மி.மீ. சுற்றளவுள்ள வரிசையைத் தேர்ந்தெடுங்கள்.

கணு பெரிதாக உள்ள விரலில் இரண்டு இடங்களில் அளக்க வேண்டும்: மோதிரம் தங்கும் அடிப்பகுதியிலும், அது தாண்டிப் போக வேண்டிய கணுவிலும். அடியில் 53, கணுவில் 56 என்று வந்தால் 53-இல் செய்த மோதிரம் உள்ளே போகாது, 56-இல் செய்தது உள்ளே போய்ச் சுழலும். இப்படிப்பட்ட விரலுக்கு 54.5-ஐ ஒட்டிய நடு அளவு எடுப்பது வழக்கம். கணுவின் தோல் சற்று நகர்ந்து வழிவிடும். சோப்பில்லாமல் நுழைத்து, கழற்றும்போது சற்றுத் தடை உணர்ந்தால் அளவு சரி.

டர்பனின் தட்பவெப்பமும் இதில் தன் பங்கைக் கேட்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான புழுக்கத்தில் விரல்கள் வீங்கும். ஜூலைக் காலையில் அதே விரல் மெலிந்திருக்கும். இந்த ஏற்ற இறக்கம் அரை எழுத்தளவுக்கு இருப்பது சாதாரணம். விடிந்ததும் அளப்பதையும், சமைத்து முடித்த கையோடு அளப்பதையும் தவிர்த்து, மாலையில் உடல் இயல்பான சூட்டில் இருக்கும்போது அளப்பது நல்லது. மேலும், அணியப் போகும் கையின் விரலையே அளக்க வேண்டும். வலக்கை உழைக்கும் கையாக இருப்பவருக்கு வலது மோதிர விரல் இடதைவிடச் சற்றுப் பருத்திருப்பது வழக்கம். சாட்ஸ்வொர்த் கடையில் எந்தக் கையை அளந்தார்கள், அளவு வளையக் கொத்தில் அகன்ற வளையங்களைப் போட்டுப் பார்த்தார்களா மெல்லியவற்றையா என்று உங்கள் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அகன்ற வளையத்தில் பார்த்த N, மெல்லிய மோதிரத்தில் M½ ஆகத் தோன்றலாம்.

இவ்வளவையும் வைத்து உங்கள் ஆர்டரை நான் எழுதுவதாக இருந்தால், எண் கேட்கும் கட்டத்தில் 14-ஐத் தேர்ந்தெடுத்து, குறிப்பு எழுதும் இடத்தில் இப்படிச் சேர்ப்பேன்: “உள்சுற்றளவு 53.75 மி.மீ., உள்விட்டம் 17.1 மி.மீ. இருக்க வேண்டும், தென்னாப்பிரிக்க அளவு N. உங்கள் பட்டியலில் 14ஆம் எண்ணின் உள்விட்டம் 17.2-ஐத் தாண்டினால் செய்வதற்கு முன் தெரிவிக்கவும்.” எண்ணையும் இரண்டு மில்லிமீட்டரையும் சேர்த்துக் கொடுப்பதில் ஒரு நன்மை இருக்கிறது: மூன்றில் ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால் பட்டறையில் இருப்பவர் நிறுத்திக் கேட்பார். எண் மட்டும் இருந்தால் அவர் தன்னிடம் உள்ள கூம்புக் கோலில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள கோட்டில் செய்துவிட்டுப் போய்விடுவார். கேட்க எதுவும் இருக்காது.

மோதிரம் வந்து சேர்ந்ததும் விரலில் போடுவதற்கு முன் காலிப்பரால் அளந்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் உரிமை பல கடைகளில் அணியாத நகைக்குத்தான். 17.0 முதல் 17.2 வரை இருந்தால் சொன்னபடியே செய்திருக்கிறார்கள். 17.5 இருந்தால் அது O. உங்கள் குறிப்பைக் காட்டிக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. அப்படியே ஓர் எழுத்து மாறிவிட்டாலும், நாடு விட்டு நாடு காப்பீட்டோடு திருப்பி அனுப்பும் செலவையும் சுங்கத்தில் மறுபடி நிற்கும் அலைச்சலையும் பார்த்தால், டர்பனிலேயே ஒரு பொற்கொல்லரிடம் சரிசெய்துகொள்வது பெரும்பாலும் மலிவு. சுற்றளவுக் கணக்கு அங்கேயும் கைகொடுக்கும்: O-வை N ஆக்க வேண்டுமானால் அவர் வெட்டியெடுக்க வேண்டியது 1.25 மி.மீ. நீளத் தங்கம். அடிப்பகுதி 2 மி.மீ. அகலமும் 1.5 மி.மீ. தடிமனும் இருந்தால் 22 காரட்டில் அது ஏறத்தாழ 0.07 கிராம். வெட்டியெடுத்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், விலை பெரிதாக இராது.

ஆனால் எல்லா மோதிரத்தையும் இப்படிச் சரிசெய்ய முடியாது. சுற்றிலும் கல் பதித்ததை வெட்டினால் கல்வரிசை கெடும். டங்ஸ்டன் மோதிரத்தை வெட்டி ஒட்டவே இயலாது. வட்டம் முழுவதும் வேலைப்பாடு ஓடும் மோதிரத்தில் ஒட்டிய இடம் தெரியும். இந்த வகைகளில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால், பணம் செலுத்துவதற்கு முன் மெல்லிய வளையத்திலும் அகன்ற வளையத்திலும் மறுபடி ஒருமுறை கடையில் அளந்து பாருங்கள். சாதாரண வளைய அடி உள்ள மோதிரமாக இருந்தால், சரிசெய்யக் கொடுக்கும்போது உள்புறத்தில் பொறித்திருக்கும் ஹால்மார்க் முத்திரையையும் ஆறு எழுத்தெண் கொண்ட எச்யூஐடி குறியீட்டையும் பொற்கொல்லரிடம் காட்டி, வெட்டு அந்த இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.